குழந்தை வந்தபின் வீட்டில் இரண்டு கங்காணிகள்: கணவன் மனைவி மீண்டும் பேசத் தொடங்குவது எப்படி?

"பேம்பர்ஸ் முடியப் போவுது."
"சரி. வாங்கிட்டு வர்றேன்."
"எத்தனை மணிக்குப் பால் குடுத்தீங்க?"
"ஆறு மணிக்கு. 120 மில்லி."
"கிளினிக் தேதி எப்ப?"
"புத்தகத்துல பாரு."

கைக்குழந்தை உள்ள பல வீடுகளில் கணவனும் மனைவியும் ஒரு நாள் முழுவதும் பேசிக்கொள்வது இவ்வளவுதான். சண்டை கிடையாது. இருவரும் பொறுப்பாகத்தான் இருக்கிறார்கள். குழந்தை நன்றாக வளர்கிறது, வாடகையும் தவணையும் தேதி தவறாமல் கட்டப்படுகின்றன. ஆனால் இரவில் படுக்கும்போது, பக்கத்தில் இருப்பவர் கணவனா, வேலை இடத்தில் அடுத்த ஷிப்ட்டுக்கு வரும் ஆளா என்ற எண்ணம் வந்துபோகிறது. ஒரே குழந்தையை மேய்க்கும் இரண்டு கங்காணிகளாகி விடுகிறார்கள்.

இது எப்படி நேர்கிறது, எதை மாற்றினால் சரியாகிறது என்பதை ஒரு குடும்பத்தை மனத்தில் வைத்துப் பார்ப்போம். கிள்ளானில் ஓர் அடுக்குமாடி வீடு. கணவர் ஷா ஆலமில் ஒரு தொழிற்சாலையில் 12 மணிநேர ஷிப்ட்: ஒரு வாரம் காலை ஏழிலிருந்து மாலை ஏழு வரை, மறு வாரம் மாலை ஏழிலிருந்து காலை ஏழு வரை. மனைவி ஓர் அலுவலகத்தில் குமாஸ்தா. முதல் குழந்தைக்கு இப்போது ஐந்து மாதம். பகலில் அதே தாமானில் ஓர் அக்கா வீட்டில் பிள்ளையை விடுகிறார்கள். கணவரின் அம்மா வாரக் கடைசியில் வந்து போவார். மனைவியின் அம்மா கோலசிலாங்கூர் பக்கம் இருக்கிறார்.

ஒருவர் கற்றுக்கொண்டார், மற்றவர் கேட்டுக்கொண்டார்

2023 ஜனவரி முதல் தேதியிலிருந்து மலேசியத் தனியார் துறையில் பிரசவ விடுப்பு 98 நாள், தந்தைக்கான விடுப்பு 7 நாள். முன்பு தந்தைக்குச் சட்டப்படி எதுவுமே இல்லை என்பதால் இந்த ஏழு நாளும் முன்னேற்றம்தான். ஆனாலும் கணக்கைப் பாருங்கள். தாய் 14 வாரம் குழந்தையோடு இருக்கிறார். எந்த அழுகை பசி, எது வயிற்று உப்புசம், எந்தப் பக்கம் படுத்தால் தூங்கும் என்பதெல்லாம் அவருக்குப் பழகிவிடுகிறது. தந்தை எட்டாம் நாள் வேலைக்குப் போய்விடுகிறார். திரும்பி வரும்போது குழந்தை பாதி தூக்கத்தில் இருக்கிறது.

அதனால் கணவர் எதைச் செய்வதானாலும் மனைவியைக் கேட்டுச் செய்கிறார். மனைவி சொல்கிறார், அவர் செய்கிறார், மனைவி சரிபார்க்கிறார். இருவரும் விரும்பாமலேயே ஒருவர் கங்காணி, மற்றவர் கூலியாள் என்றாகிவிடுகிறது. 98 நாள் முடிந்து மனைவியும் வேலைக்குத் திரும்பும்போது இந்த ஏற்பாடு மாறுவதில்லை. வேலை நேரம்தான் கூடுகிறது.

தோட்டத்தில் வாழ்ந்த தலைமுறைக்கு வேறு விதமான கஷ்டம் இருந்தது. விடியுமுன் பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டு பால்மரம் வெட்டப் போனார்கள். உடல் உழைப்பு கொடுமையானது. ஆனால் பக்கத்து லயத்தில் இருந்த பெரியம்மாவும் சின்னம்மாவும் பிள்ளையைத் தூக்கிக்கொள்ள, அம்மா குளித்துவிட்டு வர அரைமணி நேரம் கிடைத்தது. இன்று அடுக்குமாடியில் கதவைச் சாத்தினால் இருப்பது அந்த இரண்டு பேர்தான். முன்பு பத்துப் பேர் பகிர்ந்த வேலையை இருவர் பகிரும்போது, பேச்செல்லாம் வேலைப் பேச்சாகிறது.

ஆய்வு காட்டிய ஒரு விஷயம்

அமெரிக்காவில் புதுமணத் தம்பதிகளைச் சில ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து, 2000ஆம் ஆண்டில் ஜான் கோட்மன் குழுவினர் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். சிறிய ஆய்வுதான். அதில், தாயான பெண்களில் மூன்றில் இரண்டு பங்கினருக்கு மணவாழ்க்கையில் இருந்த திருப்தி குறைந்தது. மீதி ஒரு பங்கினருக்குக் குறையவில்லை, சிலருக்குக் கூடியும் இருந்தது.

அந்த ஒரு பங்கினரிடம் என்ன வேறுபாடு இருந்தது என்பதுதான் கவனிக்க வேண்டியது. கணவர் மனைவியிடம் தம் பிரியத்தை வெளிக்காட்டினார். ஒருவர் வாழ்க்கையில் என்ன நடக்கிறது என்பது மற்றவருக்குத் தெரிந்திருந்தது. அதாவது குழந்தையைப் பற்றித் தெரிந்ததோடு நிற்காமல், துணையைப் பற்றியும் தெரிந்துவைத்திருந்தார்கள்.

கிள்ளான் தம்பதிக்கு இதில்தான் குறை. கணவருக்குக் குழந்தை கடைசியாகப் பால் குடித்த நேரம் தெரியும். மனைவியின் அலுவலகத்தில் மேலதிகாரி மாறியது தெரியாது. மனைவிக்கு டின் பால் விலை தெரியும். கணவரின் லைனில் இரண்டு பேரை நிறுத்திவிட்டதும், அதனால் அவர் மனத்தில் இருக்கும் பயமும் தெரியாது.

உங்கள் வீட்டில் எப்படி என்று பார்க்க எளிய வழி உண்டு. கடந்த ஏழு நாள் வாட்ஸ்அப்பில் இருவரும் அனுப்பிக்கொண்டதை மேலே தள்ளிப் படியுங்கள். குழந்தை, சாமான், பணம், நேரம் இவற்றைச் சேராத செய்திகள் எத்தனை என்று எண்ணுங்கள். ஒன்றோ இரண்டோதான் என்றால் பேச்சு முழுவதையும் வேலை விழுங்கிவிட்டது என்று அர்த்தம்.

முதலில் தூக்கம்

தூங்காதவரிடம் அன்பாகப் பேசச் சொல்வதில் பயன் இல்லை. இரவில் நாலைந்து முறை எழுந்தவருக்கு மறுநாள் சாதாரணக் கேள்வியும் குற்றச்சாட்டாகத்தான் கேட்கும். "பால் குடுத்தியா?" என்றால் "ஏன், மறந்துருவேன்னு நெனைச்சீங்களா?" என்று பதில் வரும்.

மொத்தம் எத்தனை மணிநேரம் என்பதைப் போலவே, எத்தனை மணிநேரம் தொடர்ந்து தூங்கினோம் என்பதும் முக்கியம். ஏழு மணிநேரம் படுக்கையில் இருந்தும் ஒன்றரை மணிக்கொரு தரம் எழுந்தால் உடம்பு தேறுவதில்லை. ஆகவே ஒவ்வொருவருக்கும் நாலு மணிநேரமாவது கலையாத தூக்கம் என்பதுதான் குறி. இருவரும் சேர்ந்து விழித்திருப்பது நியாயமாகத் தோன்றலாம். ஆனால் அதில் இருவருமே கெட்டுப்போகிறார்கள்.

கணவரின் பகல் ஷிப்ட் வாரத்தில் மனைவி எட்டரைக்குப் படுத்துவிடுகிறார். அதற்கு முன் பாலைப் பீய்ச்சி வைக்கிறார். பன்னிரண்டரை வரை குழந்தை எழுந்தால் கணவர் பொறுப்பு. அவர் குழந்தையோடு கூடத்தில் இருக்கிறார், மனைவி அறையில் கதவு சாத்தியிருக்கிறது. பன்னிரண்டரைக்கு மேல் மனைவி பார்த்துக்கொள்கிறார், கணவர் ஐந்தரை வரை தூங்குகிறார். இயந்திரத்தில் வேலை செய்பவருக்கு அந்த ஐந்து மணிநேரம் பாதுகாப்புக்கே வேண்டும்.

இரவு ஷிப்ட் வாரத்தில் மனைவி தனி ஆள். அந்த வாரத்தை இருவரும் சமாளித்துவிடலாம் என்று நினைப்பதுதான் பலர் செய்யும் தவறு. மனைவியின் அம்மாவை இரண்டு இரவு வந்து தங்கச் சொல்வதும், கணவரின் ஓய்வு நாளில் ஓர் இரவு முழுவதையும் அவரே ஏற்பதும் முன்கூட்டியே முடிவாக வேண்டும். பீய்ச்சிய தாய்ப்பாலைக் குளிர்ப்பெட்டியின் உட்பகுதியில் நாலு நாள் வரை வைக்கலாம். நம் ஊர் வெக்கையில் வெளியில் அதிக நேரம் வைக்கக் கூடாது.

இதெல்லாம் பிரசவமான முதல் சில வாரங்களுக்குப் பொருந்தாது. அப்போது தாய்ப்பால் நன்றாக ஊற அடிக்கடி கொடுக்க வேண்டும். அந்தக் காலத்தில் கணவர் குழந்தையைத் தூக்கிக் கொடுப்பது, ஏப்பம் விட வைப்பது, துணி மாற்றுவது என்று இடைவேலைகளை எடுத்துக்கொள்ளலாம்.

பத்து நிமிடத்தில் முடியும் ஒப்படைப்பு

அடுத்தது, வேலைப் பேச்சுக்கு ஓர் எல்லை போடுவது. ஷிப்ட் மாறும்போது தொழிற்சாலையில் என்ன செய்கிறார்கள்? குறிப்புப் புத்தகத்தைக் காட்டி, இன்னது நடந்தது, இன்னது பாக்கி என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். பன்னிரண்டு மணிநேரமும் அதையே பேசிக்கொண்டிருப்பதில்லை. வீட்டிலோ அந்த ஒப்படைப்பு முடிவதே இல்லை. சாப்பிடும்போது, குளித்துவிட்டு வரும்போது, விளக்கை அணைத்த பிறகும் அது தொடர்கிறது.

குளிர்ப்பெட்டிக் கதவில் ஒரு தாள் ஒட்டுங்கள். அதில் மூன்று கட்டம் போதும். முதல் கட்டத்தில் இன்று நடந்தது: கடைசியாகப் பால் கொடுத்த நேரமும் அளவும், தூங்கிய நேரம், மலம் கழித்ததா, மருந்து கொடுத்தோமா. இரண்டாவதில் நாளைக்கு வேண்டியது. மூன்றாவதில் இந்த வாரம் வரவிருப்பது. செய்தவர் அப்போதே எழுதிவிட வேண்டும்.

பகல் ஷிப்ட் வாரத்தில் கணவர் ஏழே முக்காலுக்கு வந்து சாப்பிடும்போது அந்தத் தாளை வைத்துப் பத்து நிமிடம் பேசுகிறார்கள். அதோடு அன்றைய வேலைப் பேச்சு முடிகிறது. பிறகு ஏதாவது ஞாபகம் வந்தால் தாளில் எழுதுகிறார்கள். குழந்தைக்குக் காய்ச்சல் போன்ற அவசரம் மட்டும் விதிவிலக்கு.

ஒப்படைப்பின்போது குறை சொல்லக் கூடாது என்பது இதில் முக்கியமான கட்டுப்பாடு. "நேத்து நீங்க எழுதல" என்று தொடங்கினால் பத்து நிமிடம் ஒரு மணிநேரச் சண்டையாகும். குறைக்கு வாரத்தில் ஒரு நேரம் ஒதுக்குங்கள். இருவரும் தூங்கி எழுந்த ஞாயிற்றுக்கிழமை காலை, பசியாறிய பிறகு பேசலாம்.

செய்யும் வேலையோடு நினைக்கும் வேலையும் மாற வேண்டும்

"நான் எல்லா உதவியும் செய்றேனே, சொன்னா செய்யமாட்டேனா?" என்று பல கணவர்கள் கேட்கிறார்கள். அவர்கள் சொல்வது உண்மைதான். ஆனால் சொல்வதே ஒரு வேலை என்பது அவர்களுக்குத் தெரிவதில்லை.

பேம்பர்ஸை எடுத்துக்கொள்வோம். கடைக்குப் போய் வாங்குவது கடைசிப் படி. அதற்கு முன், எத்தனை மிச்சம் என்று பார்க்க வேண்டும். தொடையில் தடம் விழுகிறதே, அடுத்த அளவுக்குப் போகலாமா என்று யோசிக்க வேண்டும். எங்கே மலிவு என்று பார்க்க வேண்டும். தீர்வதற்கு முன் சொல்ல வேண்டும், வாங்கினாரா என்று கேட்க வேண்டும். கணவர் செய்தது ஒன்று, மனைவியின் தலையில் இருந்தது ஐந்து. அதனால்தான் "உதவி" நிறைய இருந்தும் மனைவியின் களைப்பு குறைவதில்லை.

தீர்வு, வேலைகளைத் துண்டு போடாமல் முழுதாக மாற்றிக் கொடுப்பது. கிள்ளான் வீட்டில் கணவர் இரண்டு வேலையை முழுதாக ஏற்கிறார். ஒன்று, பேம்பர்ஸ். வீட்டில் பத்துக்குக் கீழே இறங்கக் கூடாது என்ற ஒரே விதியை இருவரும் ஒப்புக்கொள்கிறார்கள். எந்தக் கடை, எந்தப் பிராண்ட் என்பது அவர் பாடு.

மற்றொன்று, தடுப்பூசி. நம் நாட்டு அட்டவணைப்படி ஆறு நோய்களுக்கான கூட்டுத் தடுப்பூசி 2, 3, 5ஆம் மாதங்களிலும், நிமோகோக்கல் ஊசி 4, 6ஆம் மாதங்களிலும், தட்டம்மை உள்ளிட்ட மூன்று நோய்களுக்கான ஊசி 9, 12ஆம் மாதங்களிலும் போடப்படுகின்றன. இந்தக் குழந்தைக்கு இப்போது ஐந்தாம் மாத ஊசி, அடுத்த மாதம் இன்னொன்று. இனிமேல் சுகாதாரப் புத்தகம் கணவரிடம் இருக்கும். தேதியைப் பார்ப்பது, இரண்டு வாரத்துக்கு முன்பே ஷிப்ட் மாற்றிக் கேட்பது, கிளினிக்குக்குத் தூக்கிப் போவது, ஊசி போட்ட இடம் வீங்கினாலோ உடம்பு சுட்டாலோ என்ன செய்வது என்று தாதியிடம் கேட்டு வருவது எல்லாம் அவருடையது.

இங்கே தவறுவது பெரும்பாலும் மூன்றாம் நாளில். கணவர் வாங்கி வந்த பேம்பர்ஸ் வேறு பிராண்ட். மனைவி "இதையா வாங்குனீங்க?" என்கிறார். அடுத்த முறை கணவர் கடையில் நின்று போன் செய்து "எது வாங்கட்டும்?" என்று கேட்பார். நினைக்கும் வேலை பழைய இடத்துக்கே திரும்பிவிடும். குழந்தைக்கு ஆபத்து இல்லாதவரை, ஏற்றவர் செய்வது ஏற்றவரின் விருப்பம். அதேபோல் கணவரும் "மறந்துட்டேன், நீ ஞாபகப்படுத்தலயே" என்று சொல்ல முடியாது. ஞாபகம் வைப்பதும் சேர்த்துத்தான் அவர் வாங்கிக்கொண்டார்.

மிச்சமான நேரத்தில் என்ன பேசுவது?

ஒப்படைப்பு எட்டு மணிக்கு முடிந்தால், மனைவி படுக்கப் போகும் முன் பதினைந்து இருபது நிமிடம் மிச்சமாகிறது. குழந்தை மடியில் இருந்தாலும் பரவாயில்லை; பேச்சு மட்டும் குழந்தையைப் பற்றி இருக்கக் கூடாது. கைப்பேசி வேறு அறையில் இருக்கட்டும்.

முதல் சில நாள் பேச ஒன்றும் வராது. அதைப் பார்த்து, எங்களுக்குள் ஒன்றுமே இல்லாமல் போய்விட்டது என்று முடிவுகட்ட வேண்டாம். மாதக்கணக்கில் கேட்காத கேள்விகள் ஒரே நாளில் திரும்பி வராது. "நல்லா இருந்துச்சா?" என்று பொதுவாகக் கேட்டால் "ம்" என்பதோடு முடியும். ஆளையும் சம்பவத்தையும் வைத்துக் கேட்டால் பதில் வரும். "புதுசா வந்த மேனேஜர் இன்னும் அப்படித்தானா?" "ரெண்டு பேரை நிறுத்துனாங்களே, அவங்களுக்கு வேற வேலை கெடைச்சுச்சா?" நேற்றுச் சொன்னதை இன்று ஞாபகமாகக் கேட்பதுதான், உன்னைக் கவனிக்கிறேன் என்பதற்கு அடையாளம்.

இரவு ஷிப்ட் வாரத்தில் இருவரும் வாசலில் மாறிக்கொள்கிறார்கள். அப்போது கணவர் மூன்று மணிக்குத் தூங்கி எழுந்ததும், மனைவியின் தேநீர் இடைவேளையில் ஐந்து நிமிடம் போனில் பேசலாம். குழந்தையைப் பற்றியது தாளில் இருப்பதால் அந்த ஐந்து நிமிடமும் அவர்களுக்கே.

மாமியார் வரும் சனிக்கிழமை, பிள்ளையை அவரிடம் ஒரு மணிநேரம் விட்டுவிட்டு இருவரும் கீழே மாமக் கடைக்குப் போய் ஒரு தே தாரிக் குடித்து வரலாம். "எங்க கிளம்பிட்டீங்க?" என்ற கேள்வி வரும். அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் அவருடைய மகன்: "கொஞ்சம் நடந்துட்டு வர்றோம்மா, ஒன்பது மணிக்குள்ள வந்துருவோம்." மருமகள் கேட்டால் வேறு மாதிரி எடுத்துக்கொள்ளப்படும்.

தொடுவதைப் பற்றியும் பேச வேண்டும்

பிரசவத்துக்குப் பின் தாம்பத்திய உறவு பற்றி நம் வீடுகளில் யாரும் வாய் திறப்பதில்லை. அதனால் கணவர் வேண்டாம் என்கிறாள் என்று நினைக்கிறார். மனைவி கையைத் தொட்டாலே அதற்குத்தான் என்று விலகுகிறார். கொஞ்ச நாளில் தோளில் கை போடுவதும் நின்றுவிடுகிறது.

உடலில் நடப்பதைத் தெரிந்துகொண்டால் பாதிக் கசப்பு தீரும். தையல் ஆறவும் இரத்தப்போக்கு நிற்கவும் பல வாரம் பிடிக்கும். தாய்ப்பால் கொடுக்கும் காலத்தில் ஈஸ்ட்ரோஜன் சுரப்பு குறைவதால் வறட்சியும் வலியும் இருக்கலாம், விருப்பமும் குறையலாம். இதில் அன்பு குறைந்ததற்கான சாட்சி எதுவும் இல்லை. நாள் முழுவதும் குழந்தை மேலேயே கிடந்த உடம்பு, இரவில் யாரும் தொடாமல் இருந்தால் போதும் என்று நினைப்பதும் இயல்புதான்.

இந்த மாதம் அதைப் பற்றி எதிர்பார்ப்பு வேண்டாம் என்று இருவரும் வாய்விட்டுப் பேசிவிட்டால், கை பிடிப்பதும் கால் அமுக்கிவிடுவதும் பயமில்லாமல் திரும்பி வரும். வலி தொடர்ந்தால் கிளினிக்கில் சொல்லலாம். தாதியர் தினமும் கேட்கும் விஷயம்தான். மாதவிலக்கு வருவதற்கு முன்பே மீண்டும் கருத்தரிக்க முடியும் என்பதால் குடும்பக் கட்டுப்பாட்டைப் பற்றியும் அங்கேயே கேட்டுக்கொள்ள வேண்டும்.

தாளால் தீராதவை

நாலு வாரம் கழித்து மீண்டும் வாட்ஸ்அப்பைத் திறந்து எண்ணிப் பாருங்கள். "செஞ்சீங்களா?" என்ற கேள்விகள் குறைந்திருந்தால் வேலை உண்மையிலேயே கைமாறியிருக்கிறது. மாமக் கடையில் எடுத்த ஒரு படமோ ஒரு கேலியோ நடுவில் இருந்தால் பேச்சும் திரும்பிக்கொண்டிருக்கிறது.

தாளும் நேரமும் தீர்க்க முடியாதவையும் உண்டு. பிரசவமான முதல் சில நாளில் காரணமின்றி அழுகை வருவது பெரும்பாலோருக்கு இரண்டு வாரத்துக்குள் சரியாகிவிடும். அதைத் தாண்டியும் அழுகை, எதிலும் நாட்டமின்மை, குழந்தை தூங்கும்போதும் தூங்க முடியாமை, நான் இருந்து என்ன பயன் என்ற எண்ணம் இருந்தால் அது மனச்சோர்வாக இருக்கலாம். தந்தையருக்கும் இது வரும். அவர்களிடம் பெரும்பாலும் எரிச்சலாகவும், வீட்டுக்கு வராமல் தங்குவதாகவும், குடியாகவும் தெரியும். இருவரில் யாரிடம் கண்டாலும் அரசாங்க சுகாதார கிளினிக்கில் சொல்லிச் சிகிச்சை பெறலாம். சுகாதார அமைச்சின் மனநல உதவி எண் 15555. பிஃப்ரெண்டர்ஸ் அமைப்பை 03-7627 2929 என்ற எண்ணில் எந்நேரமும் அழைக்கலாம். தன்னையோ குழந்தையையோ ஏதாவது செய்துவிடத் தோன்றினால் காத்திருக்கக் கூடாது. உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

வீட்டில் அடியும் மிரட்டலும் இருந்தால் அது களைப்பால் வந்த தூரம் அல்ல. அதற்கு உதவ தாலியான் காசே எண் 15999 இருக்கிறது.

மற்ற வீடுகளில், இன்றிரவு தொடங்க ஒரு தாளும் ஒரு பேனாவும் போதும். அந்தத் தாளில் எழுதி முடித்ததும், எதிரில் இருப்பவரிடம் குழந்தையைப் பற்றியல்லாத ஒரு கேள்வி கேளுங்கள்.